பிரேக்ஈவன் பணவீக்க விகிதம்: சென்னையிலிருந்து நீங்களே கணக்கிடுவதற்கு ஒரு வழிகாட்டி

பொருளாதாரச் செய்திகளில் "அடுத்த 10 ஆண்டுகளுக்குச் சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கம் 2.3 சதவீதம்" என்ற மாதிரி ஒரு வரி அடிக்கடி வரும். யாரையும் கேட்டு எடுத்த எண் அல்ல அது. ஒரே அரசு வெளியிட்ட இரண்டு வகைக் கடன் பத்திரங்களின் யீல்டுகளை, அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருவாய் விகிதங்களை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. அதற்குத்தான் பிரேக்ஈவன் பணவீக்க விகிதம் என்று பெயர். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஆய்வு அலுவலகங்களில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் மாதத்திலேயே இந்த எண் கைக்கு வந்துவிடும். சூத்திரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். எந்தத் தொடரை எடுப்பது, அது எத்தனை மணிக்கு வரும், எந்த நாளில் எண் பொய் சொல்லும் என்பதையெல்லாம் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

அமெரிக்கப் பத்திரங்களை வைத்தே விளக்குகிறேன். இந்தியாவுக்கு ஏன் இதே கணக்கைப் போட முடியாது என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன். அதைப் படிக்காமல் ரூபாய் முதலீட்டைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

1. என்ன தேவை, எவ்வளவு செலவு, எப்போது கிடைக்கும்

செலவு எதுவும் இல்லை. கட்டணத் தகவல் முனையம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இந்தக் கணக்குக்குக் குறைவு வராது. அமெரிக்க நிதித்துறை தன் தளத்தில் இரண்டு அட்டவணைகளைத் தினமும் வெளியிடுகிறது. சாதாரணப் பத்திரங்களுக்கு `Daily Treasury Par Yield Curve Rates`, பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட டிப்ஸ் பத்திரங்களுக்கு `Daily Treasury Par Real Yield Curve Rates`. செயின்ட் லூயிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் ஃபிரெட் தளம் இதே எண்களை நீண்ட தொடராகத் தருகிறது. கோப்பாகப் பதிவிறக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பெயர், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது, நிரல் எழுதித் தானாக எடுக்க விரும்புபவர்களுக்கு மட்டும்தான் தேவை. அதற்கும் கட்டணம் இல்லை.

நேரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க நிதித்துறை, நியூயார்க் நேரப்படி பிற்பகல் சுமார் 3.30 மணி விலைகளை அடிப்படையாக வைத்து, வழக்கமாக மாலை 6 மணிக்குள் அன்றைய யீல்டுகளை வெளியிடுகிறது. நமக்கு அது கோடைக்காலத்தில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. ஆகவே செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் அலுவலகத்தில் அமரும்போது திங்கட்கிழமை எண் தயாராக இருக்கும். திங்கட்கிழமை காலையில் இருப்பது வெள்ளிக்கிழமை எண். அறிக்கையில் தேதி போடும்போது நம் நாட்காட்டித் தேதியைப் போடாமல், அமெரிக்கச் சந்தைத் தேதியைப் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபிரெட் தளத்தில் 10 ஆண்டு சாதாரண யீல்டு `DGS10`, 10 ஆண்டு டிப்ஸ் யீல்டு `DFII10`. இரண்டையும் கழித்துத் தயாராக வைத்திருக்கும் பிரேக்ஈவன் தொடர் `T10YIE`. மூன்றாவது தொடர், 2019 ஜூன் முதல் நிதித்துறையின் எண்ணை நேரடியாக எடுத்துக்கொள்வதால் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. முதல் இரண்டும் பெடரல் ரிசர்வின் வெளியீட்டின் வழியாக வருவதால் வழக்கமாக ஒரு வேலைநாள் பின்தங்கும். ஒவ்வொரு தொடரின் கடைசி எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் "கணக்கு ஒத்துவரவில்லையே" என்று அரை நாள் போய்விடும். கணக்கு சரிதான், தேதிகள்தான் வேறு.

2. சரியான ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரணப் பத்திரத்தில் வட்டியும் அசலும் டாலரில் நிலையானவை. விலைவாசி எப்படிப் போனாலும் அவை மாறாது. டிப்ஸ் பத்திரத்தில் அசல் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும், அதன் மீதான வட்டியும் அதற்கேற்ப ஏறும். எனவே முதலாவதன் யீல்டில் பணவீக்கத்துக்கான ஈடு உள்ளேயே அடங்கியிருக்கிறது. இரண்டாவதன் யீல்டு அது போக மிஞ்சும் உண்மை வருவாய். இரண்டையும் வெளியிடுவது ஒரே அரசு என்பதால், கடன் திரும்ப வராது என்ற அச்சத்தில் வித்தியாசம் இல்லை. முதிர்வுக் காலமும் ஒன்றாக இருந்தால்தான் கழித்து வருவதற்குப் பொருள் உண்டு.

5, 7, 10, 20, 30 ஆண்டுகளுக்கு மட்டுமே டிப்ஸ் யீல்டு வெளியாகிறது. 2 ஆண்டு பிரேக்ஈவன் வேண்டுமென்று 2 ஆண்டு சாதாரண யீல்டிலிருந்து 5 ஆண்டு டிப்ஸ் யீல்டைக் கழிக்காதீர்கள். அதில் வருவது யீல்டு வளைகோட்டின் சரிவும், அதாவது முதிர்வுக் காலத்தைப் பொறுத்து யீல்டு மாறும் அளவும் கலந்த ஒரு எண். அதேபோல `GS10`, `FII10` என்ற பெயர்களிலும் தொடர்கள் உண்டு. அவை மாதச் சராசரிகள். ஒரு பக்கம் நாள் எண், மறு பக்கம் மாதச் சராசரி என்று கலந்துவிட்டால் எண் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். அதனாலேயே பிழை எளிதில் கண்ணில் படாது.

புதியவர்கள் 10 ஆண்டிலேயே தொடங்குங்கள். குறுகிய கால டிப்ஸில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பத்திரத்தின் அசலை ஏற்றும் குறியீடு மூன்று மாதம் பழையது. உதாரணமாக 2025 ஜூன் 1 அன்று பயன்படும் குறியீடு மார்ச் மாதத்துடையது, அதாவது 319.799. ஏப்ரல் குறியீடு 320.795, அது ஜூலை 1 அன்று அமலுக்கு வரும். இடைப்பட்ட நாட்களுக்கு நேர்கோட்டில் பிரித்துப் போடுவார்கள். ஜூன் 16 அன்று 30 நாட்களில் 15 நாள் கழிந்திருப்பதால் குறியீடு சரியாக நடுவில், 320.297. பருவத்துக்கேற்ற ஏற்ற இறக்கம் நீக்கப்படாத குறியீடு இது. முதிர்வுக்கு ஓராண்டே இருக்கும் பத்திரத்தில் இந்தத் தாமதமும் பருவ அசைவும் யீல்டையே புரட்டிப்போடும். 10 ஆண்டுகளில் அது கரைந்துவிடும்.

3. பதிவிறக்கிக் கணக்கிடுங்கள்

உலாவியில் இந்த முகவரியைக் கொடுத்தால் மூன்று தொடர்களும் ஒரே கோப்பில் வரும்:

```
https://fred.stlouisfed.org/graph/fredgraph.csv?id=DGS10,DFII10,T10YIE
```

எக்செலில் திறந்தால் முதல் நெடுவரிசையில் தேதி, அடுத்த மூன்றில் எண்கள். 2003-க்கு முந்தைய வரிசைகளில் டிப்ஸ் எண் இருக்காது, அவற்றை நீக்கிவிடுங்கள். பிறகு ஐந்தாவது நெடுவரிசையில் இதை எழுதுங்கள்:

```
=IF(AND(ISNUMBER(B2),ISNUMBER(C2)),(((1+B2/200)/(1+C2/200))^2-1)*100,"")
```

முதல் பாதியில் உள்ள சோதனை எதற்கு என்றால், அமெரிக்கப் பத்திரச் சந்தை விடுமுறை நாட்களில் எண் இருக்காது. அக்டோபரில் வரும் கொலம்பஸ் தினத்தன்று நியூயார்க் பங்குச்சந்தை திறந்திருக்கும், பத்திரச் சந்தை மூடியிருக்கும். பங்குச்சந்தை நாட்காட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அங்கே தடுமாறுவார்கள். சோதனை இல்லாவிட்டால் வெற்றுக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் அன்று பணவீக்க எதிர்பார்ப்பு பூஜ்யத்துக்கு விழுந்தது போலத் தெரியும்.

இரண்டாம் பாதியில் 100-க்குப் பதில் 200 ஏன் என்று கேட்பீர்கள். இந்தப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருகின்றன. யீல்டும் அந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. அதனால் பாதியாக்கி, வகுத்து, இருமடி எடுக்கிறோம். சாதாரண யீல்டு 4.40, டிப்ஸ் யீல்டு 2.10 என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகக் கழித்தால் 2.30. மேலே உள்ள சூத்திரப்படி 2.29. ஆண்டு யீல்டை அப்படியே போட்டு 1.044-ஐ 1.021-ஆல் வகுத்தால் 2.25 வரும். பாடப்புத்தகச் சூத்திரம்தான் துல்லியம் என்று நம்பி அந்த 2.25-ஐ எடுத்துக்கொள்பவர்கள், வெறுமனே கழித்தவரைவிடச் சரியான விடையிலிருந்து விலகிப்போகிறார்கள். தினசரி அறிக்கைக்குக் கழித்தலே போதும் என்பது என் கருத்து. `T10YIE` தொடரும் வெறும் கழித்தல்தான்.

கடைசியாகச் சரிபார்ப்பு. ஒரே வரிசையில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் நான்காவது வர வேண்டும். வராவிட்டால் வரிசை நகர்ந்திருக்கிறது.

4. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பணத்தில் பாருங்கள்

மேலே சொன்ன 4.40, 2.10 எண்களையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, இடையில் வட்டி எடுக்காமல் 10 ஆண்டும் அதே விகிதத்தில் சேர்ந்துகொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10,000 டாலர் சாதாரணப் பத்திரத்தில் 15,453 டாலராகும். டிப்ஸில் அதே 10,000 இன்றைய விலைவாசியில் 12,323 டாலராகும். அதன் மேல் பணவீக்கம் சேரும். ஆண்டுக்கு 2.29 சதவீதப் பணவீக்கம் சேர்ந்தால் அதுவும் 15,453-க்கு வந்து நிற்கும். இரண்டும் சமமாகும் அந்தப் புள்ளிதான் பிரேக்ஈவன்.

பணவீக்கம் சராசரியாக 3 சதவீதமாக இருந்தால் டிப்ஸ் தோராயமாக 16,560 டாலராகும். 1.5 சதவீதமாக இருந்தால் 14,300. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடு மட்டுமே பிரேக்ஈவன். பணவீக்கம் அந்த அளவுக்கு வரும் என்ற உறுதி எதையும் அது தரவில்லை.

இது நுகர்வோர் விலைக் குறியீட்டின் பணவீக்கம் என்பதையும் மறக்காதீர்கள். அமெரிக்க மத்திய வங்கியின் 2 சதவீத இலக்கு தனிநபர் நுகர்வுச் செலவு விலைக் குறியீடு என்ற வேறொரு அளவுகோலின் மீது வைக்கப்பட்டது. அது நீண்ட காலச் சராசரியில் நுகர்வோர் விலைக் குறியீட்டைவிடச் சற்றுக் குறைவாகவே ஏறும். ஆகவே பிரேக்ஈவன் 2.3 என்றால் "சந்தை இலக்கை நம்பவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். அளவுகோல்களின் வித்தியாசத்தைக் கழித்தால் அது இலக்கை ஒட்டியே இருக்கக்கூடும்.

5. எண் நகர்ந்தால், எந்த யீல்டு நகர்ந்தது என்று பாருங்கள்

எனக்கு இந்த முழுக் கட்டுரையிலும் மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். கழித்து வந்த எண்ணில் மூன்று பொருட்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, எதிர்பார்க்கும் பணவீக்கம். இரண்டாவது, பணவீக்கம் எதிர்பாராமல் ஏறிவிடும் ஆபத்துக்காகச் சாதாரணப் பத்திரம் வைத்திருப்பவர் கேட்கும் கூடுதல் ஈடு. இது எண்ணை ஏற்றும். மூன்றாவது, நினைத்த நேரத்தில் விற்க முடியாது என்பதற்காக டிப்ஸ் வைத்திருப்பவர் கேட்கும் கூடுதல் ஈடு. இது டிப்ஸ் யீல்டை ஏற்றுவதால் பிரேக்ஈவனை இறக்கும். சாதாரண நாட்களில் பின்னிரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். சந்தை உறைந்துபோகும் நாட்களில் மூன்றாவது மற்ற இரண்டையும் மூடிவிடும்.

2020 மார்ச் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று 10 ஆண்டு சாதாரண யீல்டு 1.12, டிப்ஸ் யீல்டு 0.62. பிரேக்ஈவன் 0.50. அடுத்த 10 ஆண்டுகள் அமெரிக்க விலைவாசி ஆண்டுக்கு அரை சதவீதம்தான் ஏறும் என்று சந்தை நினைத்ததா?

கோப்பில் பத்து நாள் பின்னோக்கிப் போங்கள். மார்ச் 9 அன்று சாதாரண யீல்டு 0.54. டிப்ஸ் யீல்டு பூஜ்யத்துக்குக் கீழே. பணவீக்க எதிர்பார்ப்பு மட்டும் சரிந்திருந்தால் சாதாரண யீல்டு இறங்கி, டிப்ஸ் யீல்டு பெரிதாக அசையாமல் இருந்திருக்கும். நடந்தது வேறு. இரண்டும் ஏறின, டிப்ஸ் இன்னும் வேகமாக ஏறியது. கொரோனா பீதியில் எல்லோருக்கும் ரொக்கம் தேவைப்பட்டது. அரசுப் பத்திரங்களைக்கூட விற்றார்கள். வாங்க ஆள் குறைவான டிப்ஸ் பத்திரங்கள் அதிகமாக அடிபட்டன. கச்சா எண்ணெய் விலைச் சரிவு எதிர்பார்ப்பையும் ஓரளவு இறக்கியிருந்தது உண்மை. ஆனாலும் அதே காலாண்டில் பிலடெல்பியா பெடரல் ரிசர்வ் வங்கி பொருளாதார நிபுணர்களிடம் எடுத்த கணிப்பில் 10 ஆண்டுச் சராசரி 2 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. இடையில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியைப் பணவீக்கக் கணிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதில் பெரும்பகுதி, விற்க முடியாத பத்திரத்தின் விலை.

ஆகவே பிரேக்ஈவன் ஒரே நாளில் பெரிதாக நகர்ந்தால் மூன்று நெடுவரிசையையும் பாருங்கள். சாதாரண யீல்டு நகர்ந்து டிப்ஸ் நின்றிருந்தால், பணவீக்கத்தைப் பற்றிய பார்வை மாறியிருக்க வாய்ப்பு அதிகம். டிப்ஸ் தனியாக ஏறியிருந்தால், அன்றைய சந்தையில் பணத் தட்டுப்பாடு இருந்ததா என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

6. பழைய பிரேக்ஈவனை நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

இதற்கு `CPIAUCNS` தொடரை எடுங்கள். `CPIAUCSL` பருவ அசைவு நீக்கப்பட்டது. டிப்ஸ் அதைப் பயன்படுத்துவதில்லை. 2020 மார்ச் குறியீடு 258.115. 2025 மார்ச் குறியீடு 319.799. பின்னதை முன்னதால் வகுத்தால் 1.239, ஐந்தாம் மூலம் எடுத்தால் ஆண்டுக்கு 4.38 சதவீதம். அதாவது 0.50 என்று காட்டிய அந்த 10 ஆண்டுகளில் முதல் ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. அந்த வார டிப்ஸை வாங்கி வைத்திருந்தவர் 0.50-க்கு மேல் வந்த ஒவ்வொரு புள்ளியையும் ஆதாயமாகப் பெற்றார்.

மேலதிகாரி கேட்டால் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். பிரேக்ஈவனைக் கணிப்பு என்று அழைக்கலாமா என்ற விவாதம் அதோடு முடிந்துவிடும்.

7. இந்தியாவுக்கு இந்த எண் ஏன் இல்லை, பதிலுக்கு எதைப் பார்ப்பது

சென்னை வாசகர் அடுத்துக் கேட்பது நிச்சயம் இதுதான்: நம் ரூபாய்க்கு என்ன எண்? கழிக்க இரண்டாவது பத்திரம் வேண்டும். அது இப்போது சந்தையில் இல்லை. 2013 ஜூனில் ரிசர்வ் வங்கி 1.44 சதவீத உண்மை வட்டியில் 10 ஆண்டுப் பணவீக்கப் பத்திரத்தை ஏலம் விட்டது. அது மொத்த விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது; நம் வீட்டு மளிகை, வாடகை, பள்ளிக் கட்டணம் பேசும் குறியீடு அல்ல. அதிலிருந்து பிரேக்ஈவன் எடுத்திருந்தாலும் மொத்த விலைப் பணவீக்கம்தான் கிடைத்திருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் சில்லறை முதலீட்டாளர்களுக்காக நுகர்வோர் விலைக் குறியீட்டோடு 1.5 சதவீதம் சேர்த்துத் தரும் சேமிப்புப் பத்திரம் வந்தது. ஏலப் பத்திரம் 2023 ஜூனில் முதிர்ந்து முடிந்தது. தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க உதவும் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கை பான், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு கட்டணமின்றித் தொடங்கலாம். ஆனால் இந்தக் கணக்குக்குத் தேவையான பத்திரத்துக்காக மட்டும் தொடங்கினால் ஏமாற்றம்தான்.

இந்த வெற்றிடத்தில்தான் தவறான எண் ஒன்று உலவுகிறது. 10 ஆண்டு அரசுப் பத்திர யீல்டிலிருந்து கடந்த மாதப் பணவீக்கத்தைக் கழித்து, அதற்கு "இந்தியாவின் பிரேக்ஈவன்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். யீல்டு 6.8, பணவீக்கம் 4.8 என்றால் வருவது 2. அது நடந்து முடிந்த பணவீக்கத்தை வைத்துப் போட்ட உண்மை வட்டி. வரப்போகும் பணவீக்கத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அமெரிக்க பிரேக்ஈவனைப் பார்த்து இங்குள்ள வைப்புநிதி வட்டி போதுமா என்று முடிவு செய்வதும் அதே அளவுக்குத் தவறு. அது டாலர் விலைவாசி.

பதிலுக்கு ரிசர்வ் வங்கியின் இரண்டு கணக்கெடுப்புகளைப் பயன்படுத்துங்கள். இரண்டும் பணவியல் கொள்கை அறிவிப்பை ஒட்டி அதன் தளத்தில் இலவசமாக வெளியாகும். ஒன்று, குடும்பங்களிடம் அடுத்த மூன்று மாதத்துக்கும் ஓராண்டுக்கும் விலைவாசி எப்படி இருக்கும் என்று நகரங்களில் கேட்பது. அந்த நகரங்களில் சென்னையும் உண்டு. மக்கள் சொல்லும் விகிதம் அதிகாரபூர்வப் பணவீக்கத்தைவிட வழக்கமாக உயர்வாகவே இருக்கும். ஆகவே அந்த எண்ணின் அளவை விட்டுவிட்டு, முந்தைய சுற்றிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, தொழில்முறைக் கணிப்பாளர்களின் கணக்கெடுப்பு. உங்கள் அறிக்கையில் இந்திய வரிசையில் இதை எழுதுங்கள். "கணக்கெடுப்பு" என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிடுங்கள். அமெரிக்க வரிசையில் இருக்கும் சந்தை எண்ணோடு அதை ஒரே வரைபடத்தில் போட வேண்டாம்.